பெயரை மாற்றினால் மட்டும் ஆள் மறைவதில்லை: உண்மைச் சம்பவத்திலிருந்து டாக்குடிராமா காட்சி எழுதுவது எப்படி

முதன்முதலாக ஓர் உண்மைச் சம்பவத்தைக் காட்சியாக எழுதியபோது பெயரை மாற்றினேன், ஊரை மாற்றினேன், கணக்காளராக இருந்தவரை நூலகராக்கினேன். ஒன்றை மட்டும் விட்டுவைத்தேன். நாற்காலியில் உட்காரும் முன் அவர் கைக்குட்டையை நான்காக மடித்து இருக்கையை ஒருமுறை துடைப்பார். அருமையான விவரம், வெட்ட மனசு வரவில்லை. எழுதியதை வாசித்துக் காட்டிய அன்று வந்திருந்தவர்களில் ஒரு பெண் இரண்டாம் பக்கத்திலேயே நிமிர்ந்து, “இது எங்க சித்தப்பாதானே?” என்று கேட்டார். நான் மாற்றிய எதையும் அவர் கவனிக்கவே இல்லை.

அன்று புரிந்தது இதுதான். ஊர் பேர் தெரியாத பார்வையாளரிடமிருந்து ஒருவரை மறைப்பது சுலபம், அவருக்குத்தான் அந்த ஆளையே தெரியாதே. மறைக்க வேண்டியது கூட வேலை செய்தவரிடமிருந்து, பக்கத்து வீட்டுக்காரரிடமிருந்து, சித்தப்பா மகளிடமிருந்து. பல நாடுகளின் அவதூறு வழக்குகளிலும் அளவுகோல் இதுவே. ஊர் முழுக்க அடையாளம் காண வேண்டியதில்லை, அவரை அறிந்தவர்களில் சிலர் கண்டுகொண்டால் போதும்.

இந்தப் பாடத்தைப் பெரிய விலை கொடுத்துக் கற்றது ஹாலிவுட்டின் எம்.ஜி.எம். படநிறுவனம். ரஷ்யப் பேரரசர் குடும்பத்தில் செல்வாக்கோடு இருந்த சாமியார் ரஸ்புதினைப் பற்றி அது 1932-ல் எடுத்த படத்தில் நடாஷா என்றோர் இளவரசி வருகிறாள். ரஸ்புதின் அவளைக் கெடுத்துவிடுவதாகக் கதை. அவளை மணக்கப்போகிறவன்தான் ரஸ்புதினைக் கொல்கிறான். அவன் பெயரும் படத்தில் மாற்றப்பட்டிருந்தது. ஆனால் ரஸ்புதினைக் கொன்றதில் தனக்குப் பங்கிருந்ததை ரஷ்ய இளவரசர் ஃபெலிக்ஸ் யூசுபோவ் வெளிப்படையாகவே சொல்லியிருந்தார். கொன்றவன் யூசுபோவ் என்றால் அவன் மணக்கும் பெண் அவருடைய மனைவி இரினாவாகத்தான் இருக்க வேண்டும் என்று பார்த்தவர்கள் கணக்குப் போட்டார்கள். இரினா லண்டனில் வழக்குப் போட்டார், ஜூரி 25,000 பவுண்டு இழப்பீடு கொடுக்கச் சொன்னது, 1934-ல் மேல்முறையீட்டிலும் அது நின்றது. ‘இதில் வரும் பாத்திரங்கள் யாவும் கற்பனையே’ என்ற அட்டை படங்களின் தலையில் வழக்கமாக ஏறியது இந்த வழக்குக்குப் பிறகுதான்.

இங்கே ஆளைக் காட்டிக்கொடுத்தது செயலும் உறவும். பெயர் மாறியிருந்தும் பயனில்லை. அதைவிட மோசம், அடையாளம் தெரிந்த அந்தப் பெண்ணின் மேல் நடக்காத ஒன்றை ஏற்றியது. பாதி மறைத்துவிட்டு, மறைத்துவிட்டோமே என்ற தைரியத்தில் கற்பனையைச் சேர்ப்பதுதான் இந்தத் தொழிலில் மிகப் பெரிய ஆபத்து. கீழே வரும் படிகள் எல்லாமே அதைத் தவிர்ப்பதற்காகத்தான்.

ஒரு பயிற்சிச் சம்பவம்

உண்மை வழக்கு எதையும் இழுக்காமல் இருக்க, இந்தக் கட்டுரைக்காக நானே ஒரு சம்பவத்தைக் கட்டியிருக்கிறேன். அட்டைப்பெட்டி செய்யும் ஒரு தொழிற்சாலை. இரவுப் பணியில் 38 பேர். சரக்குத் திருடுபோகிறது என்று பின்வாசலை இரவில் பூட்டிவைக்க முதலாளி எழுத்தில் உத்தரவிட்டிருக்கிறார். இரவு 11:40-க்கு மேற்பார்வையாளர் கதவைப் பூட்டுகிறார். 2:10-க்குக் காகிதக் கிடங்கில் தீப்பிடிக்கிறது. பின்வாசல் அருகே நான்கு பேர் இறக்கிறார்கள். அதற்கு முந்தைய இரண்டு மாதங்களில் புகார்ப் புத்தகத்தில் இந்தக் கதவைப் பற்றி மூன்று தொழிலாளர்கள் தனித்தனியாக எழுதியிருக்கிறார்கள். முதலாளி தண்டிக்கப்பட்டார். மேற்பார்வையாளர் சாட்சியாக மட்டுமே வந்தார். அவரும், புகார் எழுதிய மூவரும் இன்று உயிரோடு இருக்கிறார்கள்.

நாம் எழுதப்போவது தீவிபத்தை அல்ல, கதவைப் பூட்டும் அந்த 11:40 காட்சியை. தீயைக் காட்டுவதைவிட இது கடினம், ஏனென்றால் இங்கே யாரும் கெட்டவர் இல்லை. இந்த அளவுக்குச் சின்னதாகக் காட்சியை எடுத்துக்கொள்வது நல்லது. எத்தனை பேரைத் தொடுகிறோம் என்பது அப்போதுதான் கைக்கு அடங்கும்.

படி 1: மூன்று நிறம்

எழுதத் தொடங்கும் முன் காட்சியைப் பற்றித் தெரிந்த எல்லாவற்றையும் ஒரு வரிக்கு ஒன்றாக எழுதி, மூன்று நிறத்தில் கோடு போடுங்கள். ஆவணத்தில் இருப்பது பச்சை. ஒருவர் மட்டும் நினைவிலிருந்து சொன்னது மஞ்சள். நீங்கள் கற்பனை செய்வது சிவப்பு.

முதலாளியின் உத்தரவு, பூட்டிய நேரம், சாவி மேற்பார்வையாளரின் மேஜை இழுப்பறையில் இருந்தது, மூன்று புகார்கள் எல்லாம் தீர்ப்பிலும் விசாரணை அறிக்கையிலும் இருப்பதால் பச்சை. ‘பூட்டும்போது அவர் கொஞ்சம் தயங்கினார்’ என்பதை ஒரே ஒரு தொழிலாளி சொன்னார், அது மஞ்சள். அந்த நேரத்தில் என்ன பேசிக்கொண்டார்கள் என்று யாருக்கும் தெரியாது. ஆக வசனம் முழுக்கச் சிவப்பு.

சிவப்பு இருப்பதில் தப்பில்லை, அது இல்லாமல் நாடகமே இல்லை. நான் கறாராகப் பிடித்துக்கொள்ளும் விதி ஒன்றுதான்: சிவப்பு வரி எதுவும் உயிரோடு இருக்கும் ஒருவர் மேல் புதிய பழியைச் சுமத்தக் கூடாது. மேற்பார்வையாளர் “போங்க, வேலையப் பாருங்க” என்று எரிச்சலாகச் சொல்வதாக எழுதலாம். அவர் குடித்திருந்தார் என்று எழுத முடியாது. முதலாவது மனநிலை, இரண்டாவது குற்றச்சாட்டு. எழுதும் வேகத்தில் இந்த வித்தியாசம் தெரியாது, நிறம் போட்ட தாளில் தெரியும்.

மஞ்சளுக்கு ஒரு எச்சரிக்கை. ஒருவர் மட்டுமே சொன்ன விவரம் திரையில் வந்தால், அதைச் சொன்னவர் யார் என்று உள்ளே இருந்தவர்களுக்குத் தெரிந்துவிடும். ‘தயங்கினார்’ என்பதைப் பார்க்க வேண்டுமென்றால் அந்த இடத்தில் நின்றிருக்க வேண்டும். அந்த இரவு அங்கே நின்றது ஒரே ஒருவர். பேட்டி கொடுத்தவரைக் காப்பதும் நம் பொறுப்புதான், திரையில் வருகிறவரை மட்டுமல்ல.

படி 2: யார் யாராகவே இருக்க வேண்டும்

பலரைச் சேர்த்து ஒரே ஆளாக எழுதுவது கூட்டுப் பாத்திரம். எல்லாரையும் அப்படி ஆக்குவது ஒரு சோம்பல். சம்பவத்துக்குப் பொறுப்பானவர் பொது ஆவணத்தில் பெயரோடு இருந்தால், அவரைக் கற்பனைப் பாத்திரமாகக் கரைப்பது அவருக்குச் செய்யும் உதவியாகிவிடும். நம் சம்பவத்தில் தண்டிக்கப்பட்ட முதலாளி தன் பெயரிலேயே வரலாம். ஆனால் தீர்ப்பில் உள்ளதை மட்டும்தான் அவர் செய்ய வேண்டும், சொல்ல வேண்டும். 11:40 காட்சியில் அவர் ஆளாக வரத் தேவையே இல்லை. அவருடைய கையெழுத்துள்ள உத்தரவு சுவரில் ஒட்டியிருந்தால் போதும்.

இறந்த நான்கு பேருக்குச் சட்டம் பல நாடுகளில் அவ்வளவாக உதவாது, இறந்தவர் அவதூறு வழக்குப் போட முடியாது என்பதே பரவலான நிலை. ஆனால் அவர்கள் குடும்பங்கள் இருக்கின்றன. இந்தக் காட்சியில் அவர்களில் யாரையும் தனியாகக் காட்டாமல், பின்னணியில் வேலை செய்கிறவர்களாக விடுவேன். பாலியல் குற்றத்தில் பாதிக்கப்பட்டவர்கள், சிறுவர்கள் விஷயம் முற்றிலும் வேறு. அவர்களை எந்த வகையிலும் அடையாளம் காட்டுவதையே பல நாடுகளின் சட்டங்கள் தடுக்கின்றன, அங்கே பெயர் மாற்றம் ஒரு பதிலே அல்ல.

மிச்சம் இருப்பது புகார் எழுதிய மூவரும் மேற்பார்வையாளரும்.

படி 3: மூவரை ஒருவராக்குவது

கூட்டுப் பாத்திரம் என்றதும் பலர் செய்வது இது. ஒருவரின் தலைமுடி, இன்னொருவரின் பேச்சு, மூன்றாமவரின் குடும்பம். அது கலவை, கூட்டுப் பாத்திரம் ஆகாது. தலைமுடியைப் பார்த்து ஒருவர், பேச்சைக் கேட்டு இன்னொருவர் என்று மூன்று பேருமே அடையாளம் தெரிவார்கள்.

சேர்க்க வேண்டியது, சம்பவத்தில் அவர்கள் நின்ற இடத்தை. மூன்று கேள்வி கேட்டுப் பார்க்கிறேன். இவர்களுக்கு ஒரே விஷயம் ஒரே காலத்தில் தெரிந்திருந்ததா? இவர்கள் தள்ளியது ஒரே பக்கமா? இவர்களுடைய கதை ஒரே மாதிரி முடிகிறதா? மூன்றுக்கும் ஆம் என்றால் சேர்க்கலாம்.

நம் மூவரைப் பாருங்கள். ஒருவர் ஐம்பது வயதைத் தாண்டிய பெண், ஒரு காலைச் சற்று இழுத்து நடப்பார். இன்னொருவர் புதிதாகச் சேர்ந்த இளைஞன். மூன்றாமவர் சரக்கறைப் பொறுப்பாளர். மூவருக்கும் கதவு பூட்டப்படுவது தெரியும், மூவரும் எழுத்தில் சொன்னார்கள். இதுவரை சரி. ஆனால் சரக்கறைக்காரர் விபத்துக்குப் பிறகு தன் புகாரைத் திரும்பப் பெற்றுக்கொண்டார் என்று வைத்துக்கொள்வோம். இப்போது மூவரைச் சேர்த்துச் செய்த பாத்திரம் கடைசியில் பின்வாங்கினால், பின்வாங்காத இரண்டு பேர் மேலும் அந்தக் களங்கம் ஒட்டும். பின்வாங்காவிட்டால் நடந்த ஒன்றை மறைத்தவர்களாவோம்.

கூட்டுப் பாத்திரத்தின் கணக்கு இதுதான்: பாத்திரம் செய்யும் ஒவ்வொன்றையும், அதற்குள் இருக்கும் ஒவ்வொருவரும் செய்ததாகவே உள்ளே இருந்தவர்கள் எடுத்துக்கொள்வார்கள். புகார் எழுதியது மூன்றே பேர் என்று தொழிற்சாலையில் எல்லாருக்கும் தெரியும். கூட்டம் எவ்வளவு சின்னதோ, அவ்வளவு குறைவாகத்தான் மறைவு கிடைக்கும். அதனால் துணிச்சல், கவலை, உதவி மாதிரியானவற்றைக் கூட்டுப் பாத்திரத்தில் தாராளமாக வைக்கலாம். துரோகத்தையும் திருட்டையும் கோழைத்தனத்தையும் வைக்கவே கூடாது.

ஆகவே பெண்ணையும் இளைஞனையும் மட்டும் சேர்த்து ஒரு பாத்திரம். சரக்கறைக்காரர் இந்தக் காட்சியில் இல்லை. அவர் பின்வாங்கியது கதைக்கு முக்கியமென்றால் நீதிமன்றக் காட்சியில், ஆவணத்தில் உள்ள சொற்களோடு மட்டும் வரட்டும்.

மேற்பார்வையாளர் விஷயத்தில் இந்த வழியே கிடையாது. அந்த இரவு அந்த நாற்காலியில் இருந்தது ஒருவர்தான். என்ன பெயர் வைத்தாலும், ஆணைப் பெண்ணாக்கினாலும், சக தொழிலாளர்கள் அவரைத்தான் பார்ப்பார்கள். இதை ஒப்புக்கொள்வதுதான் முதல் வேலை. ஒப்புக்கொண்டபின் செய்ய முடிந்தது, அவர் செயலைப் பச்சைக்குள் நிறுத்துவது. பூட்டினார், சாவியை எடுத்துப் போனார், அது உத்தரவு. அவருடைய வீடு, கடன், பழக்கம், மனக்கணக்கு எதுவும் வேண்டாம். உண்மைப் பெயரை எடுத்துவிடுகிறோம்தான், ஆனால் அது அவரைத் தெரியாதவர்களிடமிருந்து மட்டும் காக்கும், தெரிந்தவர்களிடமிருந்து காப்பது நாம் எழுதாமல் விடும் விஷயங்கள்.

படி 4: காரணமும் கைரேகையும்

ஒவ்வொரு விவரத்தையும் எடுத்து, இதை நீக்கினால் சம்பவம் நடக்காமல் போகுமா என்று கேளுங்கள். நடக்காது என்றால் அது காரணம், தொடாதீர்கள். பூட்டு, எழுத்தில் வந்த உத்தரவு, இழுப்பறையில் இருந்த சாவி எல்லாம் காரணங்கள். இவற்றில் ஒன்றை மாற்றினாலும் உண்மைச் சம்பவம் என்று சொல்லும் உரிமை போய்விடும். நீக்கினாலும் சம்பவம் அப்படியே நடக்கும் என்றால் அது கைரேகை. என் கைக்குட்டை அப்படிப்பட்டது. வருத்தமான விஷயம், எழுத்தாளருக்குப் பிடிப்பதெல்லாம் கைரேகைகள்தான்.

கைரேகையை மாற்றும்போது பக்கத்திலேயே மாற்றாதீர்கள். இழுத்து நடக்கும் காலை, மடங்காத கையாக்கினால் அது தடயம்தான். 1979-ல் கலிபோர்னியா மேல்முறையீட்டு நீதிமன்றம் தீர்த்த ஒரு வழக்கு இருக்கிறது. பால் பிண்ட்ரிம் என்ற உளவியலாளர் நடத்திய குழு சிகிச்சையில் கலந்துகொண்ட ஒரு நாவலாசிரியர், அதைப் பற்றி எழுதுவதில்லை என்று கையெழுத்திட்டுக் கொடுத்த பிறகும் நாவலாக்கினார். உளவியலாளரை மனநல மருத்துவராக்கினார், மழித்த முகமும் குட்டை முடியுமாக இருந்தவரை நீண்ட வெள்ளை முடிக்காரராக்கினார், பெயரையும் மாற்றினார். சிகிச்சை நடக்கும் விதத்தை மட்டும் விட்டுவிட்டார். கூட்டத்தில் இருந்த மற்றவர்கள் அடையாளம் கண்டுவிட்டார்கள், தீர்ப்பு ஆசிரியருக்கு எதிராகப் போனது. உருவத்தை எவ்வளவு தூரம் தள்ளினாலும், ஆள் மட்டுமே செய்யும் ஒன்று அப்படியே இருந்தால் தப்பிக்க முடியாது.

சரியான வழி, அந்த விவரம் காட்சியில் என்ன வேலை செய்கிறது என்று பார்த்து, அதே வேலையை வேறொன்றிடம் கொடுப்பது. இழுத்து நடக்கும் கால் இங்கே என்ன செய்கிறது? மற்றவர்களுக்கு முன்பே அந்தப் பெண்ணுக்குக் கதவைப் பற்றிக் கவலை வருகிறது, ஓட முடியாதே என்று. முன்கூட்டியே வரும் கவலைதான் தேவை, காலல்ல. நம் பாத்திரத்துக்கு அதே இரவுப் பணியில் ஒரு தங்கை இருக்கட்டும். கதவைப் பார்க்கும்போதெல்லாம் இரண்டு பேருக்காக யோசிப்பாள். இது கற்பனை, ஆனால் யார் மேலும் பழியில்லை. உண்மையில் அந்தத் தொழிற்சாலையில் அக்கா தங்கை ஜோடி இருந்ததா என்று மட்டும் ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள், இல்லாவிட்டால் ஒருவரைக் காப்பாற்றப் போய் சம்பந்தமே இல்லாத இன்னொருவரைக் கொண்டுவந்து நிறுத்திவிடுவோம்.

படி 5: பெயர்

அதே எழுத்தில் தொடங்கும் பெயர், அதே ஓசையில் முடியும் பெயர், அதே பொருள் தரும் பெயர் மூன்றையும் தவிருங்கள். செல்வியைச் செல்வராணியாக்குவது கண்ணைக் கட்டிக்கொண்டு ஒளிந்துகொள்வது மாதிரி. ஆனால் எழுதும்போது நம் கை தானாகவே அங்கேதான் போகும், உண்மைப் பெயர் காதில் ஒலித்துக்கொண்டே இருப்பதால். நான் செய்வது, சம்பவத்தைத் தெரியாத ஒருவரிடம் வயதை மட்டும் சொல்லி நான்கைந்து பெயர் கேட்டு வாங்குவது.

வாங்கிய பெயரைச் சரிபார்க்க வேண்டும். 1908-ல் ஓர் ஆங்கிலப் பத்திரிகை வேடிக்கைக் கட்டுரை ஒன்றில் ஆர்ட்டிமஸ் ஜோன்ஸ் என்று ஒரு கற்பனை ஆளைக் கொஞ்சம் ஒழுக்கக்கேடாகக் காட்டியது. அதே பெயரில் நிஜமாகவே ஒரு வழக்கறிஞர் இருந்தார், வழக்குப் போட்டார், 1,750 பவுண்டு கிடைத்தது. அவரைக் குறிக்கும் எண்ணமே எங்களுக்கு இல்லை என்ற வாதம் அப்போது பிரிட்டனின் உச்ச நீதிமன்றமாக இருந்த பிரபுக்கள் சபை வரை போய் 1910-ல் தோற்றது. நம் அளவில் செய்யக்கூடியது இது: புதுப் பெயரும் தொழிலும் சேர்ந்து சம்பவத்தோடு தொடர்புள்ள பட்டியல் எதிலாவது வருகிறதா என்று பாருங்கள். பணியாளர் பட்டியல், சாட்சிகள் பட்டியல், இறந்தவர் பட்டியல். புதுப் பெயர் இறந்த நால்வரில் ஒருவருடையதாக அமைந்துவிட்டால், அந்தக் குடும்பத்துக்கு என்ன பதில் சொல்வது?

நம் பாத்திரம் மரகதம். தங்கை பெயர் சொல்லப்படவே இல்லை. மேற்பார்வையாளருக்குத் திரைக்கதையில் பெயரே வேண்டாம், எல்லாரும் சார் என்றுதானே கூப்பிடுவார்கள்.

படி 6: வசனமும் காட்சியும்

பேட்டியில் ஒருவர் சொன்ன அழகான வாக்கியத்தை அப்படியே வசனமாக்க ஆசை வரும். அந்த வாக்கியம் முன்பே ஏதாவது செய்தியிலோ சமூக ஊடகப் பதிவிலோ வந்திருந்தால், பார்வையாளர் அதைத் தட்டித் தேடினால் போதும். 2024-ல் வெளியான ஒரு பிரிட்டிஷ் தொடரில் இதுதான் நடந்தது. திரையில் வந்த சொற்களைப் பழைய பதிவுகளோடு ஒப்பிட்டு, பெயர் மாற்றப்பட்ட பாத்திரத்தின் அசல் இவர்தான் என்று பார்வையாளர்கள் ஒருவரைச் சில நாட்களில் கண்டுபிடித்ததாகச் சொன்னார்கள், அது வழக்காகவும் போனது. ஆகவே சொல்லை விட்டுவிட்டுப் பொருளை எடுத்துக்கொள்ளுங்கள்.

என் முதல் வரைவு இப்படி இருந்தது:

> பின்வாசல். மேற்பார்வையாளர் தள்ளாடியபடி வருகிறார். பூட்டை மாட்டுகிறார். ஒரு காலை இழுத்தபடி செல்வராணி அருகே வருகிறார்.
>
> செல்வராணி: எத்தனை தடவை எழுதிக் குடுத்தேன், படிச்சீங்களா?
>
> மேற்பார்வையாளர்: உங்க உசுரவிட சரக்குதான் எனக்கு முக்கியம்.

நாடகத்துக்குக் குறைவில்லை. ஆனால் ‘தள்ளாடியபடி’ என்பது சிவப்பில் எழுதிய பழி. கால் கைரேகை. கடைசி வசனம், குற்றம் சாட்டப்படாத மனிதர் ஒருவரைக் கொலைகாரராக்குகிறது. அதைவிட, அது பொய்யான விளக்கம். கதவு பூட்டப்பட்டது ஒரு கல்நெஞ்சக்காரரால் அல்ல, ஓர் உத்தரவுத் தாளால். திருத்திய வரைவு:

> பின்வாசல். சுவரில் ஒட்டிய உத்தரவு, கீழே கையெழுத்து. கடிகாரம் 11:40. மேற்பார்வையாளர் பூட்டை மாட்டி, ஒருமுறை இழுத்துப் பார்க்கிறார். கையில் அட்டைக் கட்டோடு மரகதம் நிற்கிறாள்.
>
> மரகதம்: சார், சாவிய இந்த ஆணியிலயே மாட்டிட்டுப் போங்களேன்.
>
> மேற்பார்வையாளர் உத்தரவைப் பார்க்கிறார்.
>
> மேற்பார்வையாளர்: அங்க என்ன எழுதியிருக்குன்னு நீயே படி.
>
> மரகதம் படிக்கவில்லை. வரிசையில் மூன்றாவது இயந்திரத்தில் இருக்கும் தங்கையைத் திரும்பிப் பார்க்கிறாள். சாவி இழுப்பறைக்குள் விழும் சத்தம்.

பூட்டு, நேரம், உத்தரவு, இழுப்பறை எல்லாம் பச்சை. ஆணியும் வசனமும் சிவப்பு, ஆனால் புகார்ப் புத்தகத்தில் அவர்கள் எழுத்தில் கேட்டதைத்தான் மரகதம் வாயால் கேட்கிறாள். மஞ்சளாக இருந்த ‘தயக்கத்தை’ எடுத்துவிட்டேன். உத்தரவைப் பார்க்கும் அந்த ஒரு கணத்தைப் பார்வையாளர் தயக்கமாக எடுத்துக்கொண்டால் எடுத்துக்கொள்ளட்டும். பேட்டி கொடுத்தவர் தப்பித்தார்.

படி 7: தெரிந்தவர் ஒருவரிடம் கொடுங்கள்

சம்பவத்தை உள்ளிருந்து அறிந்த, ஆனால் காட்சியில் வராத ஒருவரை வாசிக்கச் சொல்லுங்கள். முதலில் ஒன்றும் விளக்காதீர்கள். வாசித்து முடித்ததும் “மரகதம் யார்னு தோணுது?” என்று மட்டும் கேளுங்கள். இன்னார்தான் என்று உடனே சொன்னால், எந்த வரியில் தெரிந்தது என்று கேட்டு அந்த வரியை மாற்றுங்கள். அவர் இரண்டு மூன்று பெயருக்கு நடுவே தடுமாறினால் பாத்திரம் பிடித்துவிட்டது. தனிமையில் நாமே மணிக்கணக்காக யோசித்தாலும் கைக்குட்டை கண்ணில் படாது, இவர்களுக்கு ஒரு நிமிடத்தில் படும்.

அப்புறம் வழக்கறிஞர். அவருக்குத் திரைக்கதையை மட்டும் கொடுத்தால் வேலை நடக்காது. ஒவ்வொரு வரிக்கும் பக்கத்தில் அதன் நிறமும், பச்சை என்றால் எந்த ஆவணம் எந்தப் பக்கம் என்பதும் குறித்த பிரதி வேண்டும். தயாரிப்புக்குக் காப்பீடு எடுக்கும்போதும் இந்தக் குறிப்புப் பிரதியைத்தான் பெரும்பாலும் கேட்பார்கள். படி 1-ல் போட்ட கோடுகள் அங்கே அப்படியே உதவும்.

படி 8: கேமரா உளறாமல் பார்த்துக்கொள்வது

தாளில் மறைத்ததைத் திரை வெளியே விட்டுவிடும். நடிகர் தேர்வில் அசலின் சாயல் வந்துவிடும், உடைப் பிரிவு பழைய செய்திப் படத்தைப் பார்த்து அதே நிறச் சட்டையைத் தைத்துவிடும். டாக்குடிராமாவில் இன்னொரு சிக்கல், நடுவே வரும் உண்மைக் காட்சித் துணுக்குகள். நடித்த மரகதம் முடிந்த கையோடு, நீதிமன்ற வாசலில் காலை இழுத்து நடக்கும் பெண்ணின் நிஜக் காட்சியை ஒட்டினால், முதல் ஏழு படியும் ஒரே வெட்டில் போய்விடும். படத்தொகுப்பாளருக்கு இதைத் தனியாகச் சொல்லி வைக்க வேண்டும், இரண்டையும் அடுத்தடுத்து வைத்தால் அழகாக இருக்கும் என்றுதான் அவருக்குத் தோன்றும்.

படி 9: அட்டையும் சாவிப் பட்டியலும்

தொடக்கத்தில் ‘இது உண்மைக் கதை’ என்று மொட்டையாகப் போடாதீர்கள். அது சிவப்பு வரிகளையும் பச்சையாக்கிவிடும். எல்லாம் கற்பனை என்பதும் பொய், தீர்ப்பைக் கையில் வைத்துக்கொண்டு அப்படிச் சொல்ல முடியாது. என்ன செய்தோமோ அதைச் சொன்னால் போதும். செர்னோபில் அணு உலை விபத்தைப் பற்றி 2019-ல் வந்த தொடர் இதை நன்றாகச் செய்தது. உலானா கோம்யூக் என்ற விஞ்ஞானி, விசாரணையில் உதவிய பல விஞ்ஞானிகளின் இடத்தில் நிற்பதற்காக உருவாக்கப்பட்ட பாத்திரம் என்று முடிவில் எழுத்திலேயே தெரிவித்தது. நம் காட்சிக்கு இப்படி எழுதலாம்:

> உத்தரவும், கதவு பூட்டப்பட்டதும், புகார்களும் நீதிமன்ற ஆவணங்களில் உள்ளவை. மரகதம் ஒன்றுக்கு மேற்பட்டவர்களின் அனுபவத்திலிருந்து உருவாக்கப்பட்ட பாத்திரம். உரையாடல்கள் கற்பனை.

எத்தனை பேர் என்று சொல்லாததைக் கவனியுங்கள். ‘இருவர்’ என்றால், மூவரில் விடப்பட்டது யார் என்று கேள்வி கிளம்பும்.

கடைசியாகச் சாவிப் பட்டியல், அதாவது யார் யாராக மாறினார்கள் என்ற பட்டியல். அது ஒரே பிரதிதான் இருக்க வேண்டும், திரைக்கதை இருக்கும் இடத்தில் இருக்கக் கூடாது. படப்பிடிப்புக்குப் போகும் எந்தத் தாளிலும், பேட்டிப் பதிவுகளின் கோப்புப் பெயர்களிலும் உண்மைப் பெயர் வரக் கூடாது. பதிவைத் தொடங்கிய நாளிலேயே எண் கொடுத்துவிடுவது நல்லது, பிறகு மாற்றும்போது ஒன்றிரண்டு தப்பிவிடும். நன்றி அட்டையையும் பாருங்கள். பேட்டி கொடுத்தவர் பெயரை மரியாதைக்காக அங்கே போட்டு மாட்டிக்கொண்டவர்கள் உண்டு.

படம் வெளிவரும் முன் மரகதத்துக்குள் இருக்கும் இருவரிடமும் இந்தக் காட்சியைக் காட்டுங்கள். மேற்பார்வையாளரிடமும், அவர் சம்மதித்தால். அவர் ஏதாவது ஒரு வரியை மறுத்தால் நிறத்தைப் பாருங்கள். பச்சை என்றால் ஆவணத்தைக் காட்டலாம். சிவப்பு என்றால் வாதாட ஒன்றுமில்லை, எடுத்துவிட்டு வேறு எழுதலாம்.